விசாரணை மேற்கொள்ளவா, விசாரிக்கவா? ஒரு மெயில், மூன்று வழிகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு மெயில் வரைவு சரிபார்க்க என்னிடம் வந்தது. மாதக் கட்டணம் இரண்டு முறை போய்விட்டது என்று புகார் சொன்ன ஒரு சந்தாதாரருக்கு எழுதிய பதில் அது. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. வரைவு இதுதான்:

"தங்கள் கணக்கில் இருமுறை கட்டணப் பிடித்தம் மேற்கொள்ளப்பட்டது தொடர்பாகத் தாங்கள் அளித்த புகாரின் மீது எங்கள் கணக்குப் பிரிவினரால் விசாரணை மேற்கொள்ளப்பட்டது. விசாரணையின் அடிப்படையில் கூடுதலாகப் பிடித்தம் செய்யப்பட்ட தொகையைத் திருப்பி அளிப்பதற்கான முடிவு எடுக்கப்பட்டுள்ளது. இதற்கான நடவடிக்கைகள் தற்போது மேற்கொள்ளப்பட்டு வருகின்றன. நடவடிக்கைகள் நிறைவடைந்தவுடன் தங்களுக்குத் தகவல் தெரிவிக்கப்படும். மேலும் இதுபோன்ற தவறுகள் மீண்டும் நிகழாமல் இருக்க உரிய ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. சந்திகூட ஒழுங்காக இருக்கிறது. ஆனால் இதைப் படித்து முடித்த சந்தாதாரர் அடுத்து என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். போனை எடுத்து, "அதெல்லாம் சரி, என் காசு எப்ப வரும்?" என்று கேட்பார். ஒரு கேள்விக்குப் பதிலாக எழுதிய மெயில் அதே கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தால் அந்த மெயில் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

இந்த ஐந்து வாக்கியங்களுக்குள் உண்மையில் நடந்தவை எவை? பணத்தை எடுத்தார்கள், விசாரித்தார்கள், முடிவு செய்தார்கள், திருப்பித் தரப்போகிறார்கள், பிறகு சொல்லப்போகிறார்கள். எல்லாமே செயல்கள். ஆனால் வரைவில் ஒன்றுகூட வினையாக நிற்கவில்லை. பிடித்தம், விசாரணை, முடிவு, நடவடிக்கை, தகவல் என்று எல்லாம் பெயர்ச்சொல்லாக உறைந்துவிட்டன. வாக்கியத்தை முடித்துவைக்க மேற்கொள், எடு, செய், தெரிவி என்று ஒரு துணை வந்து நிற்கிறது. இதில் மேற்கொள் என்பது எதையும் தூக்கும் சுமைக்கூலி மாதிரி. பயணம் மேற்கொள்ளலாம், விரதம் மேற்கொள்ளலாம், ஆய்வு மேற்கொள்ளலாம். அந்த வினையை மட்டும் தனியே பார்த்தால் என்ன நடந்தது என்று ஒன்றும் தெரியாது.

இப்படி ஒரு தொடர் கையில் இருக்கும்போது நமக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இருப்பதை அப்படியே விடுவது: "விசாரணை மேற்கொள்ளப்பட்டது." இரண்டாவது, பெயரை வைத்துக்கொண்டு துணையை மட்டும் இலேசாக்குவது: "விசாரணை செய்தோம்." மூன்றாவது, பெயரையே வினையாக்கிவிடுவது: "விசாரித்தோம்." ஆங்கில மெயில் எழுதக் கற்றுத் தருபவர்கள் எப்போதும் மூன்றாவதைத்தான் சொல்வார்கள். மேக் எ டிசிஷன் வேண்டாம், டிசைட் போதும் என்பார்கள். அதை அப்படியே தமிழுக்கு எடுத்து வந்தால் பாதி இடத்தில் சரியாக வரும், பாதி இடத்தில் உதைக்கும். எங்கே உதைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் சரியாக வரும் இடம். அலுவலக மெயிலில் புழங்கும் பெயர்ச்சொற்களில் பல வடமொழி வழியாக வந்தவை. அவற்றுக்கு இகரத்தில் முடியும் ஒரு வினை பக்கத்திலேயே இருக்கும். விசாரணைக்கு விசாரி, பரிசீலனைக்குப் பரிசீலி, பரிசோதனைக்குப் பரிசோதி, தீர்மானத்துக்குத் தீர்மானி, அங்கீகாரத்துக்கு அங்கீகரி. தேடக்கூட வேண்டாம், சொல்லிப் பார்த்தாலே நாக்கில் வந்துவிடும். "தங்கள் விண்ணப்பம் மீதான பரிசீலனை மேற்கொள்ளப்பட்டது" என்பதை "உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்தோம்" என்று மாற்ற ஒரு நொடி போதும். மாற்றும்போது இன்னொன்றும் தானாக நடக்கிறது, கவனித்தீர்களா? "மீதான" என்ற ஒட்டு காணாமல் போய், விண்ணப்பம் "விண்ணப்பத்தை" ஆகிவிட்டது. பெயர்ச்சொல்லால் செயப்படுபொருளை நேராகப் பிடிக்க முடியாது. அதனால்தான் தொடர்பாக, குறித்து, மீதான, பற்றிய என்று கயிறு போட்டு இழுக்கிறது. வினை வந்தால் ஐ உருபு ஒன்றே போதும்.

இப்போது உதைக்கும் இடம். தமிழ் வேரில் பிறந்த தொழிற்பெயர்களுக்கு இந்தக் கணக்கு எப்போதும் சரியாக வராது. முடிவு என்பதன் வினை முடி. ஆனால் "தேதியை முடித்தோம்" என்றால் தேதியைத் தீர்மானித்தோம் என்று யாருக்கும் புரியாது. ஆய்வின் வேர் ஆய். ஆனால் "கணக்கை ஆய்ந்தோம்" என்று மெயிலில் எழுதினால் புலவர் யாரோ எழுதியது போல இருக்கும். "ஆராய்ந்தோம்" என்பதே வழக்கு. தேர்வுக்குத் தேர் இருக்கிறது, ஆனால் நாம் சொல்வது "தேர்ந்தெடுத்தோம்". ஆங்கிலத்தில் டிசிஷனுக்குப் பின்னால் டிசைட் நிற்பதுபோல ஒவ்வொரு தமிழ்ப் பெயருக்குப் பின்னாலும் அதே பொருளில் ஒற்றை வினை நிற்பதில்லை. இங்கேதான் இரண்டாவது வழிக்கு மரியாதை வருகிறது.

"முடிவு செய்" என்பதை இரண்டு சொல்லாக எழுதுகிறோம், ஆனால் அது நடந்துகொள்வது ஒரே வினையாக. இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. நான் எப்போதும் பயன்படுத்துவது இதைத்தான்: முன்னால் ஐ உருபு போட்ட ஒரு சொல்லை வைத்துப் பாருங்கள். "தேதியை முடிவு செய்தோம்." நிற்கிறது. "தொகையை உறுதி செய்தோம்." நிற்கிறது. "புகாரை விசாரணை செய்தோம்." கொஞ்சம் கனம், ஆனாலும் நிற்கிறது. இப்போது "தேதியை முடிவு மேற்கொண்டோம்" என்று சொல்லிப் பாருங்கள். விழுந்துவிடும். "புகாரை விசாரணை நடத்தினோம்." இதுவும் விழும். "தேதி குறித்த முடிவை", "புகார் குறித்து விசாரணை" என்று கயிறு கட்டினால்தான் நிற்கும். ஐ உருபை ஏற்றுக்கொள்ளும் தொடர் ஏற்கனவே வினையாகிவிட்டது. அதை மேலும் சுருக்க அவசியம் இல்லை. ஏற்காதது இன்னும் பெயராகத்தான் கிடக்கிறது. அதில் கை வைக்கலாம்.

கடன் சொற்களுக்கும் இதே விதி. ஆங்கில வினை எதுவும் தமிழுக்குள் தனியாக வராது. செய் அல்லது பண்ணு கூட வந்தே ஆக வேண்டும். "ஃபைலை அப்லோட் செய்தேன்" என்பதில் உள்ள செய் வெட்டி எறியக்கூடிய சதை அல்ல, எலும்பு. வெட்ட வேண்டியது வேறு: "அப்லோட் செய்யும் பணி மேற்கொள்ளப்பட்டு வருகிறது." இதில் செய் ஒருமுறை வந்து வேலையை முடித்துவிட்டது. பணி, மேற்கொள், வருகிறது மூன்றும் பின்னால் தொற்றிக்கொண்டு வந்தவை. "அப்லோட் செய்துகொண்டிருக்கிறோம்" போதும்.

ஆக, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே தேர்வு செய்வதில் நான் அவ்வளவு மல்லுக்கட்டுவதில்லை. "முடிவு செய்தோம்", "தீர்மானித்தோம்" இரண்டில் எது வாயில் வருகிறதோ அதை எழுதுங்கள். சொல்லப்போனால் முன்னதுதான் பேச்சுக்குப் பக்கம். "விசாரணை செய்தோம்", "விசாரித்தோம்" என்றால் பின்னதை எடுப்பேன். சண்டை முதல் வழிக்கும் மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

அந்தச் சண்டை எதற்கு என்றால், நீளத்துக்காக அல்ல. வினைமுற்றில் ஒரு விகுதி இருக்கிறது, அதற்காகத்தான். விசாரித்தேன், விசாரித்தோம், விசாரித்தார், விசாரித்தார்கள். வினையை எழுதிய கணமே யார் என்று சொல்லியாக வேண்டும், எப்போது என்றும் சொல்லியாக வேண்டும். "விசாரணை" என்ற பெயருக்கு ஆளும் இல்லை, காலமும் இல்லை. அதனால் எழுதுபவருக்கு அது வசதி. விசாரித்தது யார் என்று தெரியாவிட்டாலும், விசாரித்தார்களா என்றே தெரியாவிட்டாலும் "விசாரணை நடைபெற்று வருகிறது" என்று எழுதிவிடலாம். வினையில் அந்தச் சலுகை கிடையாது.

ஆனால் ஒரு ஓட்டை உண்டு: படு. "விசாரணை மேற்கொள்ளப்பட்டது" என்பதை "விசாரிக்கப்பட்டது" என்று மாற்றிவிட்டு, பெயரை வினையாக்கிவிட்டேன் என்று சிலர் திருப்திப்படுவார்கள். சொல் குறைந்தது உண்மை. ஆள் இன்னும் வரவில்லை. இது பாதி வேலை. மறுபாதியை முடிக்காமல் விட்டால் மெயில் சுருக்கமாகும், தெளிவாகாது. எனக்கு வரும் வரைவுகளில் இந்தப் பாதி வேலைதான் அதிகம். பெயர்களைத் துரத்திய கையோடு படுவையும் துரத்த வேண்டும்.

துரத்தியபிறகு ஒரு சின்னக் கண்ணி காத்திருக்கிறது. தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. ஆனால் விகுதி இரண்டுக்கும் ஒன்றுதான்: ஓம். எழுவாயை விட்டுவிட்டு "கூட்டத்தை வியாழனுக்கு மாற்ற முடிவு செய்தோம்" என்று குழுவில் இருபது பேருக்கு மெயில் போட்டால், அதில் பாதிப் பேர் மனசுக்குள் "நான் எப்ப முடிவு செஞ்சேன்?" என்று கேட்பார்கள். "முடிவு எடுக்கப்பட்டுள்ளது" என்று எழுதியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. அது யாரையும் சேர்க்கவில்லை, விலக்கவும் இல்லை. வினைக்கு மாறினால் எழுவாயையும் கூடவே எழுதிவிடுங்கள்: "நானும் வடிவமைப்புக் குழுவும் பேசி, கூட்டத்தை வியாழனுக்கு மாற்றியிருக்கிறோம்." ஒன்றிரண்டு சொல் கூடினாலும் பரவாயில்லை.

சரி, முதல் வழிக்கு இடமே இல்லையா? இருக்கிறது. மூன்று இடங்களில் நானே பெயரை அப்படியே விட்டுவிடுவேன்.

ஒன்று, பெயருக்கும் வினைக்கும் பொருள் பிரிந்துபோன இடம். இதற்கு விசாரணையே நல்ல எடுத்துக்காட்டு. "உங்களைப் பற்றி விசாரித்தேன்" என்றால் நலம் கேட்டேன் என்றும் ஆகலாம். "உங்களைப் பற்றி விசாரணை நடத்தினேன்" என்றால் கேட்பவருக்கு வியர்த்துவிடும். ஒரு ஊழியர் மீது குற்றச்சாட்டு வந்து, குழு அமைத்து, சாட்சி கேட்டு, அறிக்கை எழுதிய காரியத்தை "விசாரித்தோம்" என்று எழுதினால் யாரோ இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்ததுபோல ஆகிவிடும். அங்கே "விசாரணை நடத்தினோம்" என்பதே சரியான சொல். தீர்மானமும் இப்படித்தான். ஒரு சங்கம் "தீர்மானித்தது" என்றால் மனதில் முடிவு செய்தது. "தீர்மானம் நிறைவேற்றியது" என்றால் கூட்டத்தில் முன்மொழிந்து, வழிமொழிந்து, குறிப்பேட்டில் ஏறிய ஒன்று. பேசினார்கள், பேச்சுவார்த்தை நடத்தினார்கள். சோதித்தார்கள், சோதனை நடத்தினார்கள். பின்னதில் எல்லாம் ஒரு முறை, ஒரு அதிகாரம், ஒரு பதிவு சேர்ந்திருக்கிறது. அந்த முறை உண்மையிலேயே நடந்திருந்தால் பெயரை விட்டுவிடுங்கள். நடக்கவில்லை, கனம் வேண்டுமே என்று மட்டும் எழுதியிருந்தால் மாற்றுங்கள். சந்தாதாரர் மெயிலில் நடந்தது என்ன? கணக்குப் பிரிவில் ஒருவர் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து இரண்டு வரியைப் பார்த்தார். அது விசாரணை அல்ல. விசாரித்ததுகூட அல்ல. சரிபார்த்தார், அவ்வளவுதான்.

இரண்டு, துணைவினையே செய்தியைச் சுமக்கும் இடம். மேற்கொள் வெறும் கூலி. ஆனால் எல்லாத் துணையும் அப்படி அல்ல. "அனுமதி கொடுத்தேன்", "அனுமதி பெற்றேன்", "அனுமதி கேட்டேன்" என்ற மூன்றில் அனுமதி எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கொடு, பெறு, கேள் தான் சொல்கின்றன. முதலாவதை "அனுமதித்தேன்" என்று மாற்றலாம். மற்ற இரண்டையும் அப்படி மாற்றவே முடியாது. ஆலோசனையும் இதே ரகம். "ஆலோசித்தேன்" என்றால் யோசித்தேன் அல்லது கலந்து பேசினேன். ஆலோசனை சொன்னேனா, கேட்டேனா என்பது அதில் இல்லை. அப்படிப்பட்ட தொடரில் துணையை வெட்டினால் பொருளும் சேர்ந்து போய்விடும்.

மூன்றாவது சாதாரணமானது: எண்ணும்போது, முன்னால் சொன்னதைத் திரும்பச் சுட்டும்போது. "இது மூன்றாவது பரிசோதனை" என்பதை வினையில் சொல்லப் போனால் சுற்றி வளைக்க வேண்டிவரும். "திட்டத்தைத் தள்ளிப்போட முடிவு செய்தோம். இந்த முடிவு உங்கள் குழுவைப் பாதிக்காது" என்பதில் இரண்டாவது வாக்கியத்தில் உள்ள முடிவு முதல் வாக்கியத்தைக் கையில் எடுத்துக் கொடுக்கிறது. அதை ஏன் தொட வேண்டும்?

இவை போக, ஒரு நான்காவது இடத்தைச் சிலர் சொல்வார்கள்: மரியாதை. மறுக்கும்போது, கெட்ட செய்தி சொல்லும்போது பெயர்ச்சொல்லும் படுவும் மென்மையாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. "தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது" என்பதில் என்ன மென்மை இருக்கிறது? முத்திரை குத்தி வீசியது போல இருக்கிறது. "நிராகரித்தோம்" என்று மாற்றினால் இன்னும் கடுமை, அது உண்மைதான். ஆனால் குற்றம் நேர்வினையில் இல்லை, நிராகரி என்ற சொல்லில் இருக்கிறது. "இந்த முறை உங்கள் கோரிக்கையை எங்களால் ஏற்க முடியவில்லை" என்று எழுதிப் பாருங்கள். ஏல், முடி என்று வினைகள்தான் முழுக்க. யார் ஏற்கவில்லை என்பது மறையவும் இல்லை, உறைக்கவும் இல்லை. தமிழில் மரியாதைக்கு நீங்கள், தாருங்கள், இயலுமா, முடியவில்லை என்று எவ்வளவோ வழி இருக்கும்போது பெயர்ச்சொல்லிடம் போய்க் கடன் வாங்க வேண்டியதில்லை.

உண்மையிலேயே சங்கடமான நேரம் ஒன்று உண்டு. யார் செய்தது என்று தெரியவில்லை, அல்லது இன்னும் தெரியவில்லை. சர்வர் நின்றுபோய்விட்டது, காரணம் புரியவில்லை. இப்போது வினைக்கு எந்த விகுதி போடுவது? "சர்வரை நிறுத்திவிட்டோம்" என்றால் பொய். அதற்காக "சர்வர் செயலிழப்பு ஏற்பட்டுள்ளது" என்று போக வேண்டியதும் இல்லை. தமிழில் தன்வினை, பிறவினை என்று ஜோடி ஜோடியாக வினைகள் இருக்கின்றன: நில், நிறுத்து, மாறு, மாற்று, திரும்பு, திருப்பு. தன்வினையை எடுத்தால் ஆளைச் சொல்லாமலே நேராகச் சொல்லிவிடலாம். "இன்று காலை 9 மணிக்கு சர்வர் நின்றுவிட்டது. காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்." தெரிந்ததைச் சொன்னோம், தெரியாததையும் சொன்னோம், ஒரு தொழிற்பெயரும் தேவைப்படவில்லை. இந்த வசதியைத் தவறாகப் பயன்படுத்தவும் முடியும். நீங்களே தேதியை மாற்றிவிட்டு "தேதி மாறிவிட்டது" என்று எழுதுவது அந்த வகை. படிப்பவர்கள் அதைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள்.

இப்போது அந்தச் சந்தாதாரர் மெயிலுக்கு வருவோம். வரைவை எழுதியவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். "பிடித்தம் மேற்கொள்ளப்பட்டது என்று போட்டிருக்கிறீர்களே, யார் எடுத்தது?" நாங்கள்தான் சார், மாதக் கட்டணம் எடுக்கிற புரோகிராம் அன்றைக்கு இரண்டு தடவை ஓடிவிட்டது என்றார். சரி, அப்படியானால் "எடுத்துவிட்டோம்". புரோகிராம் எடுத்தாலும் அது நம் புரோகிராம். இங்கே அவருடைய மேலாளருக்கு ஒரு தயக்கம்: இப்படி எழுதினால் தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாதா? ஆகும். ஆனால் பணத்தைத் திருப்பித் தருவதாக அடுத்த வாக்கியத்திலேயே சொல்கிறோம். தவறு இல்லையென்றால் ஏன் திருப்பித் தர வேண்டும்? ஒப்புக்கொள்ளத் தயங்கும் அளவுக்கு விஷயம் தகராறில் இருந்தால் அது வேறு. அப்போது "இரண்டு முறை தொகை போயிருப்பது தெரிகிறது" என்று தன்வினையில் நிறுத்திக்கொள்ளலாம். இங்கே தகராறு ஒன்றும் இல்லை.

அடுத்து, "திருப்பி அளிப்பதற்கான முடிவு எடுக்கப்பட்டுள்ளது." இதை வினையாக்கக் காலம் தெரிய வேண்டுமே. திருப்பித் தந்தோமா, தருகிறோமா, தருவோமா? அவர் கணக்குப் பிரிவுக்கு போன் போட்டுக் கேட்டார். பதில் என்ன தெரியுமா? பணத்தை முந்தின நாளே அனுப்பிவிட்டார்களாம். சந்தாதாரருக்குச் சொல்ல இருந்த ஒரே நல்ல செய்தி, "முடிவு", "நடவடிக்கைகள்" என்ற இரண்டு பெயர்களுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறது. வினையில் எழுத உட்கார்ந்ததால்தான் கேட்கவே தோன்றியது.

நடவடிக்கை என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அதற்கு அதே பொருளில் வினையே கிடையாது. விசாரணையைச் சுரண்டினால் விசாரி கிடைக்கும். நடவடிக்கையைச் சுரண்டினால் அப்படி ஒன்றும் கிடைக்காது. அதனால் அதை மாற்ற முடியாது, கேள்விதான் கேட்க முடியும்: என்ன நடவடிக்கை? ஏற்பாடும் பல நேரம் அப்படித்தான். "கூட்டத்தை ஏற்பாடு செய்தோம்" என்றால் எதை என்று தெரிகிறது, ஐ உருபும் நிற்கிறது. "உரிய ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன" என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தே ஆக வேண்டும். திறந்து பார்த்தோம். "என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் நெளிந்தார். "அது, எல்லாப் பதிலிலும் கடைசியில் போடுகிற வரி சார்." ஏற்பாடு எதுவும் இல்லை. வரியை எடுத்துவிட்டோம்.

கடைசியில் போன மெயில்:

"உங்கள் கணக்கிலிருந்து இந்த மாதக் கட்டணத்தை இரண்டு முறை எடுத்துவிட்டோம். தவறு எங்களுடையது, வருந்துகிறோம். கணக்குப் பிரிவினர் உங்கள் புகாரைச் சரிபார்த்து, கூடுதலாக எடுத்த தொகையை நேற்று திருப்பி அனுப்பினார்கள். ஐந்து வேலை நாளுக்குள் அது உங்கள் கணக்கில் வந்து சேரும். வரவில்லை என்றால் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள். வங்கியிடம் நாங்கள் பேசுகிறோம்."

எண்ணிப் பார்த்தால் பழையதில் 45 சொல், புதியதில் 39. வெறும் ஆறு சொல்தான் மிச்சம். ஐந்து வாக்கியம் ஆறாகிவிட்டது. தமிழ் ஏற்கனவே ஒட்டி ஒட்டி எழுதும் மொழி என்பதால் ஆங்கிலத்தில் கிடைக்கும் அளவுக்கு நீளம் குறையாது. அதை எதிர்பார்த்து இறங்கினால் ஏமாற்றம்தான். ஆனால் பழைய 45 சொல்லில் தவறு யாருடையது, பணம் எப்போது கிளம்பியது, எப்போது வரும், வராவிட்டால் என்ன செய்வது என்ற நான்கில் ஒன்றுகூட இல்லை. "வருந்துகிறோம்" என்பதையும் கவனியுங்கள். "எங்கள் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று எழுத அவருக்குக் கை பரபரத்தது. வருத்தத்தைத் தெரிவிப்பது வேறு, வருந்துவது வேறு. நேராகச் சொல்லும் "தவறு எங்களுடையது" என்ற வாக்கியத்துக்குப் பக்கத்தில் பின்னதுதான் பொருந்தும்.

"வங்கியிடம் நாங்கள் பேசுகிறோம்" என்பதில் நாங்கள் வேண்டுமென்றே போட்டது. விட்டிருந்தால் ஓம் விகுதி சந்தாதாரரையும் வங்கிக்கு அழைத்துப் போயிருக்கும்.

நீங்களே ஒரு வரைவைச் சரிபார்க்கிறீர்கள் என்றால் Ctrl+F போட்டுத் தேடிவிடலாம். ஆனால் தமிழில் தேடும்போது முழுச்சொல்லைப் போட்டால் பாதி தப்பிவிடும். "மேற்கொள்ள" என்று தேடினால் மேற்கொள்ளப்பட்டது மாட்டும், மேற்கொண்டோம் மாட்டாது. "மேற்கொ" என்று நிறுத்துங்கள், இரண்டும் வரும். படுவுக்கு இரண்டு தேடல் வேண்டும்: இறந்தகாலத்துக்கு "ப்பட்", நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் "ப்படு". அப்புறம் "தொடர்பாக", "குறித்து". இவை இரண்டும் தவறு அல்ல, ஆனால் பெயர்ச்சொல் ஒன்று கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். மாட்டிய ஒவ்வொன்றிலும் யார், எப்போது என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் வினையாக்குங்கள். தெரியாவிட்டால் தன்வினை இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் மெயிலை மூடிவிட்டு, தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

நீக்கிய அந்தக் கடைசி வரி மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது, வேறொரு சந்தாதாரருக்கு எழுதிய பதிலில். இந்த முறை அதை எழுதியவர் என்னிடம் கேட்கவே இல்லை: "ஒரே மாதத்துக்கு இரண்டாம் முறை கட்டணம் எடுக்கப் போனால் எங்கள் சிஸ்டம் இப்போது தடுத்துவிடுகிறது."